ஓசோன் படலம் வேறு, புவி வெப்பமடைதல் வேறு: ஏர்கான் வாயுவை வைத்து ஒரு விளக்கம்



சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பல தாள்களில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் சூரிய வெப்பம் அதிகமாக உள்ளே வந்து பூமி சூடாகிறது.” படிக்க நன்றாக இருக்கும், சந்தி கூடச் சரியாக இருக்கும். ஆனால் அறிவியல் தவறு. மொழித் தேர்வில் இதற்கு மதிப்பெண் குறையாமல் போகலாம். ஆனால் அடுத்த வாரம் அதே மாணவர் புவியியல் தாளில் இதையே எழுதினால் அங்கே குறையும். வாய்மொழித் தேர்வில் “எப்படி?” என்று ஒரு துணைக் கேள்வி வந்தால் பதில் தடுமாறும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நான் ஒரு பொருளைப் பயன்படுத்தச் சொல்வேன். ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து வெளியே வந்து ஓவன் ரோட்டுப் பக்கமோ டோர்செட் ரோட்டுப் பக்கமோ நடந்து பாருங்க. வீவக புளோக்குகளின் சுவர்களில் ஏர்கானின் வெளிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கடைவீடுகளின் பின்சந்திலும் அதே காட்சிதான். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் உள்ளே இருக்கும் குளிர்வாயுவின் பெயர் இருக்கும்: ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று ஏதாவது ஒன்று. கூடவே எத்தனை கிலோ என்ற எடையும் இருக்கும். இந்தச் சின்னப் பெயருக்குப் பின்னால் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஓசோனுக்கு எவ்வளவு கேடு என்பது. மற்றொன்று பூமியை எவ்வளவு சூடாக்கும் என்பது. இரண்டும் தனித்தனி எண்கள், ஏன்னா இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள்.

மூன்று மில்லிமீட்டர்

முதலில் ஓசோன். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். ஓசோனில் மூன்று. தரையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலத்தில், இந்த ஓசோன் மற்ற வாயுக்களோடு கலந்து மெல்லியதாகப் பரவியிருக்கிறது. “படலம்” என்று சொல்வதால் மாணவர்கள் போர்வை மாதிரி, கண்ணாடி மாதிரி ஒன்றைக் கற்பனை செய்து கொள்கிறார்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை. அந்த உயரத்தில்கூடப் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் ஓசோன் பத்துக்குள்தான் இருக்கும். நம் தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, இங்குள்ள அழுத்தத்தில் அமுக்கி வைத்தால், உலகச் சராசரியாக வெறும் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். இதைத்தான் 300 டாப்சன் அலகு என்கிறார்கள். நூறு அலகுக்கு ஒரு மில்லிமீட்டர்.

இந்த மூன்று மில்லிமீட்டர் செய்யும் வேலை ஒன்றுதான்: சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் தீங்கு மிக்க பகுதியை உறிஞ்சிக்கொள்வது. அந்தக் கதிர்கள் அதிகமாகக் கீழே வந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும், கடல் நுண்தாவரங்கள் பாதிக்கப்படும், பயிர்களும் பாதிக்கப்படும். கவனிங்க, இந்தப் பட்டியலில் “பூமி சூடாகும்” என்பது இல்லை.

இங்கே ஒரு துணைச் செய்தி, சிங்கப்பூர் மாணவர்களுக்குப் பயன்படும். நம் தலைக்கு மேல் ஓசோன் பெரும்பாலும் 240 முதல் 280 டாப்சன் அலகுக்குள்தான் இருக்கும், அதாவது உலகச் சராசரியைவிடக் குறைவு. யாரும் அழித்ததால் அல்ல. ஓசோன் அதிகம் உருவாவது வெயில் மிகுந்த வெப்பமண்டல வானில்தான். ஆனால் மேல்காற்று ஓட்டம் அதை மெதுவாகத் துருவங்களை நோக்கிக் கொண்டுபோய் விடுகிறது. இயற்கையாகவே படலம் மெல்லியது, அதோடு சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புற ஊதாக் குறியீடு தெளிவான நண்பகலில் 11-ஐத் தொடுகிறது, சில நாள் தாண்டவும் செய்கிறது. “சிங்கப்பூரில் வெயில் சுடுகிறது, ஓசோன் ஓட்டைதான் காரணம்” என்று எழுதுவதும் தவறுதான்.

நல்ல வாயு என்று நம்பப்பட்ட வாயு

அப்படியானால் ஓசோனை மெலியவைத்தது எது? 1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் குளோரின், ஃபுளோரின், கார்பன் மூன்றும் சேர்ந்த ஒரு வகைச் சேர்மத்தை இதற்கென்று கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக சிஎஃப்சி. நச்சு இல்லை, தீப்பிடிக்காது, எதனோடும் எளிதில் வினைபுரியாது. ஒரு பொறியாளர் கேட்கும் எல்லா நல்ல குணமும் அதற்கு இருந்தது. குளிர்சாதனப் பெட்டி, கார் ஏர்கான், வாசனைத் தெளிப்பான், ஆஸ்துமாக்காரர்களின் மருந்துத் தெளிப்பான், மெத்தை நுரை என்று எல்லா இடத்திலும் அது நுழைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளில் சர்க்கியூட் பலகைகளைக் கழுவவும் அதே குடும்பத்து திரவம்தான். 1980களில் மின்னணுத் தொழில் வேகமாக வளர்ந்த சிங்கப்பூருக்கு இது முக்கியமான பயன்பாடு.

பிரச்சினை அந்த நல்ல குணத்திலேயே இருந்தது. எதனோடும் வினைபுரியாது என்றால், கசிந்த பிறகு கீழ்க்காற்றில் எதுவும் அதை அழிக்காது. மழை கழுவாது. பல ஆண்டுகள் அலைந்து கடைசியில் அடுக்கு மண்டலத்துக்கு ஏறிவிடும். அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் அதை உடைத்து, ஒரு குளோரின் அணுவைப் பிரித்துவிடும். 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைத்தான். பிறகு நடப்பது இரண்டே வரி:

Cl + O₃ → ClO + O₂

ClO + O → Cl + O₂

இரண்டாவது வரியின் கடைசியில் பாருங்க, முதல் வரியில் ஆரம்பித்த குளோரின் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. அது செலவாகவில்லை. அடுத்த ஓசோனைப் பிடிக்கக் கிளம்பிவிடும். இப்படி ஒரு குளோரின் அணு, வேறு ஏதாவது சேர்மத்தில் சிக்கிக்கொள்ளும்வரை, ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும் என்பது பாடநூல்களில் வரும் கணக்கு. கொஞ்சூண்டு வாயு எப்படி இவ்வளவு பெரிய சேதம் செய்தது என்று மாணவர் கேட்டால் இந்த இரண்டு வரிதான் பதில். வேதியியல் எடுக்காத மாணவருக்குக்கூட இதைக் காட்டலாம்.

1985 மே மாதம் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்தில் பதிவான அளவீடுகளை வெளியிட்டார்கள். அங்கே அக்டோபர் மாதங்களில் முன்பு ஏறக்குறைய 300 டாப்சனாக இருந்த ஓசோன், 1984-இல் 200-க்கும் கீழே போயிருந்தது. “ஓட்டை” என்ற சொல் பிரபலமானது இதற்குப் பிறகுதான். உண்மையில் அது ஓட்டை அல்ல. 220 டாப்சனுக்குக் கீழே மெலிந்த பகுதியை அப்படி அழைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அது வட அமெரிக்கக் கண்டத்தின் பரப்பையே மிஞ்சியிருக்கிறது.

வாயு கசிந்தது பெரும்பாலும் வடபாதி உலகின் நகரங்களில். ஓட்டை விழுந்தது யாருமே குடியில்லாத தென்துருவத்தில். ஏன்? இது நல்ல மாணவர்கள் கேட்கும் கேள்வி, பல கையேடுகள் இதைத் தொடுவதில்லை. சிஎஃப்சி உலகம் முழுக்கக் கலந்துவிடும். அடுக்கு மண்டலத்தில் பிரியும் குளோரினும் சாதாரணமாக வேறு சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கும், ஓசோனை அதிகம் தொடாது. ஆனால் அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுக்கச் சூரியன் இல்லை. வட்டமாகச் சுழலும் பலத்த காற்று அந்தப் பகுதியை வெளிக்காற்றிலிருந்து பிரித்து அடைத்துவிடும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 78 டிகிரிக்கும் குறைவாகப் போகும். அப்போது அடுக்கு மண்டலத்திலும் பனித்துகள் மேகங்கள் உருவாகும். அந்தத் துகள்களின் மேல்பரப்பில் கட்டுண்ட குளோரின் விடுபட்டுச் சேர்ந்துகொண்டே இருக்கும். செப்டம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் மொத்தமும் ஒரே நேரத்தில் வேலையை ஆரம்பிக்கும். இதை விளக்கியதில் சூசன் சாலமனின் பங்கு பெரியது. 1986-இல் அண்டார்க்டிகாவுக்கே போய் அளந்து வந்த குழுவுக்கு அவர்தான் தலைமை.

ஆக, ஓசோன் ஓட்டைக்கு வேண்டியது கடுங்குளிர். “சூடாவதால் ஓட்டை விழுகிறது” என்று எழுதும் மாணவரிடம் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே போதும், தானாகத் திருத்திக்கொள்வார்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இப்போது மற்றப் பிரச்சினைக்கு வருவோம். சூரிய ஒளி பூமியில் விழுந்து தரையும் கடலும் சூடாகின்றன. சூடான பூமி அந்த ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நள்ளிரவில் கூட சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தால் கீழிருந்து ஒரு சூடு வருமே, அதுதான் இது. காற்றில் உள்ள கரியமில வாயு, மீத்தேன், நீராவி போன்றவை இந்த வெளியேறும் கதிரில் ஒரு பகுதியைப் பிடித்து, கொஞ்சத்தைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் கரியமில வாயு கூடுகிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 315 ஆக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பிடிபடும் சூடு கூடுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஓசோன் பிரச்சினையில் கவலை, மேலிருந்து உள்ளே வரும் புற ஊதாக் கதிர். புவி வெப்பமடைதலில் கவலை, கீழிருந்து வெளியே போக முடியாத அகச்சிவப்புக் கதிர். ஒன்று உள்ளே விடக்கூடாததை விடுவது. மற்றொன்று வெளியே விடவேண்டியதை விடாமல் பிடிப்பது.

“சரி சார், ஓட்டை வழியா வெயில் கூடுதலா வந்தா சூடு ஏறத்தானே செய்யும்?” என்று ஒரு மாணவர் விடாமல் கேட்பார். நியாயமான கேள்வி. ஓசோன் தடுக்கும் அந்தக் குறிப்பிட்ட புற ஊதாப் பகுதி, சூரியன் தரும் மொத்த ஆற்றலில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதிலும் ஒரு துளிதான் கூடுதலாக வருகிறது. தோலின் செல்லைக் கெடுக்க அது போதும், கடலைச் சூடாக்கப் போதாது. இன்னொரு விஷயம்: ஓசோன் தானே கதிரை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும் வாயு. அது குறைந்தால் அடுக்கு மண்டலம் குளிர்கிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், ஓசோன் மெலிந்ததன் நேரடி விளைவு தரைக்கு மிகச் சிறிய குளிர்ச்சிதான்.

குழப்பத்துக்கு நியாயமும் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மாணவர்கள் இரண்டையும் கலப்பது முழுக்க அர்த்தமில்லாதது அல்ல. இரண்டுக்கும் பொதுவான குற்றவாளி ஒருவர் இருக்கிறார். அதைக் கண்டுபிடித்தவர் நம் தமிழ்நாட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன்.

படிப்பு முடித்ததும் அவர் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெட்டிகளிலிருந்து குளிர்வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்துவிடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று வளிமண்டல ஆராய்ச்சியில் இறங்கினார். மொலினா, ரோலண்ட் கட்டுரை வந்த மறு ஆண்டு, 1975-இல், ‘சயன்ஸ்’ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிஎஃப்சி ஓசோனை அழிப்பது ஒருபுறம் இருக்க, அதுவே அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் வாயுவும் கூட என்று காட்டினார். அதுவும் சாதாரணமாக அல்ல. ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று ஒப்பிட்டால் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதுவரை புவி வெப்பமடைதல் என்றால் கரியமில வாயு ஒன்றுதான் என்று பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

இங்கேதான் வாக்கியத்தைக் கவனமாக அமைக்கவேண்டும். சிஎஃப்சி என்ற வாயு இரண்டு வேறு வேறு வேலைகளைச் செய்கிறது. அதன் குளோரின் ஓசோனை அழிக்கிறது. உடையாத முழு மூலக்கூறு சூட்டைப் பிடிக்கிறது. சிஎஃப்சி பூமியைச் சூடாக்குவது ஓசோனை அழிப்பதன் வழியாக அல்ல.

தகட்டில் உள்ள பெயருக்குத் திரும்பலாம்

1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. சிங்கப்பூர் 1989 ஜனவரியில் அதில் சேர்ந்தது. இங்கே சிஎஃப்சி உற்பத்தி இல்லை, எல்லாம் இறக்குமதி. அதனால் கட்டுப்படுத்த வேண்டிய இடம் துறைமுகம்தான். அரசாங்கம் அந்த ஆண்டே ஒரு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. நாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரு பாதி, முன்பு எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்துப் பதிவு செய்த நிறுவனங்களுக்கு. மறு பாதி ஏலக்குத்தகைக்கு: விலை எழுதிக் கொடுக்க வேண்டும், கூடுதலாக எழுதியவருக்குக் கிடைக்கும். கேட்டால் சிஓஇ மாதிரி இருக்கிறதா? வாகனங்களுக்கான அந்த முறை வந்தது 1990-இல்தான், ஓசோன் ஏலம் அதற்கு முந்தியது. அளவு குறைந்து விலை ஏறியதும், சர்க்கியூட் பலகை கழுவிய தொழிற்சாலைகள் நீர் கலந்த கழுவல், கழுவலே தேவைப்படாத பற்றவைப்பு என்று மாற்றுவழி தேடவேண்டி வந்தது.

குளிரூட்டிகளிலும் வாயுக்கள் மாறின. இங்கேதான் அந்த இரண்டு எண்கள். ஓசோன் கேட்டு எண் என்பது, சிஎஃப்சி-11 செய்யும் கேட்டை 1 என்று வைத்து மற்றதை ஒப்பிடுவது. வெப்பமாக்கல் எண் என்பது, நூறு ஆண்டுக் காலத்தில் ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பது.

பழைய குளிர்சாதனப் பெட்டிகளிலும் கார்களிலும் இருந்த ஆர்-12 ஒரு சிஎஃப்சி. அதன் ஓசோன் எண் 1, வெப்ப எண் ஏறக்குறைய 10,900. இரண்டிலும் மோசம். வீட்டு ஏர்கான்களில் நெடுங்காலம் இருந்தது ஆர்-22. அதில் ஹைட்ரஜன் அணு ஒன்று இருப்பதால் பெரும்பகுதி மேலே ஏறுவதற்குள் சிதைந்துவிடும். ஓசோன் எண் 0.055. வெப்ப எண் 1,810. அடுத்து வந்த ஆர்-410ஏ-யில் குளோரினே இல்லை. ஆகவே ஓசோன் எண் சுழியம். “ஓசோனுக்கு உகந்தது” என்று விளம்பரமும் செய்தார்கள், அது பொய்யல்ல. ஆனால் வெப்ப எண் 2,088. ஆர்-22-ஐவிட அதிகம்! ஒரு பிரச்சினையை முழுக்கத் தீர்த்த வாயு, மற்றப் பிரச்சினையைக் கொஞ்சம் கூட்டியே விட்டது. இரண்டும் ஒரே பிரச்சினையாக இருந்தால் இப்படி நடந்திருக்கவே முடியாது. வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓவன் ரோட்டில் ஒரு வீட்டு ஏர்கானில் ஒரு கிலோ ஆர்-410ஏ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கக் கசிந்தால் ஓசோனுக்குக் கேடு சுழியம். வெப்பக் கணக்கில் 2,088 கிலோ கரியமில வாயு, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். அதே ஏர்கான் தினமும் எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் வீதம் ஓடினால் ஆண்டுக்கு 2,920 யூனிட். சிங்கப்பூரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, ஏன்னா நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பெருக்கினால் 1,168 கிலோ. ஆக ஒரு முறை வாயு முழுக்கக் கசிவது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு மின்சாரத்துக்குச் சமம். அந்த இரண்டு ஆண்டு மின்சாரமும் ஓசோனை ஒன்றும் செய்யாது என்பதையும் மாணவரிடம் சொல்லுங்க. “ஏர்கான் போட்டால் ஓசோன் கெடும்” என்று எழுதுபவர்கள் மின்சாரத்தையும் குளிர்வாயுவையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

வீட்டில் கவனிக்க ஒன்று. ஏர்கானின் குளிர்வாயு மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருப்பது. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதல்ல. “ஆண்டுக்கு ஒரு தடவை கேஸ் போடணும்” என்று யாராவது சொன்னால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை, உள்பெட்டியின் சுருளில் பனி கட்டுவது, சோப்பு நீர் தடவினால் குமிழி வருவது, இவையெல்லாம் அடையாளம். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால், நிரப்பியதும் வானத்துக்குத்தான் போகும். பழைய ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-410ஏ-யை ஊற்றவும் முடியாது. அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், பழைய குழாயும் கம்ப்ரசரும் தாங்காது.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்பாட்டில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஆர்-410ஏ போன்ற, ஓசோனைத் தொடாத ஆனால் சூடாக்கும் வாயுக்களையும் குறைக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஓசோனுக்காக எழுதிய உடன்பாடு இப்போது வெப்பத்துக்காகவும் வேலை செய்கிறது. சிங்கப்பூர் 2022 ஜூனில் இதை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் வெப்ப எண் 750-க்கு மேற்பட்ட வாயு உள்ள வீட்டு ஏர்கான்களையும், 15-க்கு மேற்பட்ட வாயு உள்ள வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளையும் இங்கே புதிதாக விற்பனைக்கு விட முடியாது. அதனால்தான் இன்று கடையில் பார்க்கும் ஏர்கானில் ஆர்-32 (வெப்ப எண் 675), குளிர்சாதனப் பெட்டியில் ஆர்-600ஏ (சுமார் 3) என்று எழுதியிருக்கிறது. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. ஆனால் ஒரு பெட்டியில் சில பத்து கிராம்தான் இருக்கும். 1928-இல் தீப்பிடிக்காத வாயு தேடிப் போய், சுற்றி வந்து மறுபடி தீப்பிடிக்கும் வாயுவிடமே வந்து நிற்கிறோம் என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும்.

ஓசோன் இப்போது எப்படி இருக்கிறது? மெதுவாகத் தேறிவருகிறது. உடன்பாடு தொடர்ந்து காக்கப்பட்டால் 1980-இல் இருந்த அளவு உலகின் பெரும்பகுதியில் சுமார் 2040-இலும், வடதுருவத்தில் 2045-இலும், அண்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் திரும்பும் என்பது ஐநாவின் ஆதரவில் நடந்த 2022 மதிப்பீடு. இவ்வளவு காலம் ஏன் என்றால், ஏற்கெனவே வெளியேறிய சிஎஃப்சி-12 காற்றில் நூறு ஆண்டு அளவுக்குத் தங்கும். கரியமில வாயுவோ இன்னும் கூடிக்கொண்டே போகிறது. சிஎஃப்சி தயாரித்தவை சில நிறுவனங்கள், மாற்று வாயுவும் கிடைத்தது. கரியமில வாயு மின்நிலையம், கப்பல், சிமெண்டு, சமையல் அடுப்பு என்று எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. “ஓசோன் ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகிறது” என்ற வாக்கியம் முப்பது ஆண்டுக்கு முன் சரி. இன்று எழுதினால் பழைய குறிப்பைப் பார்த்து எழுதியது தெரிந்துவிடும்.

தாளில் எழுதும்போது

மாணவர்கள் இடறும் வாக்கியங்களை எப்படித் திருத்தலாம் என்று பாருங்க.

“வாகனப் புகையால் ஓசோன் படலம் அழிகிறது” என்பதை, “வாகனப் புகையில் உள்ள கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது, ஓசோன் படலத்தை மெலியவைத்தது சிஎஃப்சி போன்ற குளோரின், புரோமின் கொண்ட வாயுக்கள்” என்று பிரித்து எழுதலாம். தரையோரத்தில் வாகனப் புகை ஓசோனை உண்டாக்கவே செய்யும், அது மூச்சுக்குக் கேடு. இதைத் தேர்வில் எழுதவேண்டியதில்லை, ஆனால் ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. “மேலே இருந்தால் காவல், கீழே இருந்தால் நச்சு” என்று சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

“ஓசோன் ஓட்டையால் பனிமலைகள் உருகுகின்றன” என்பதில் ‘ஓசோன் ஓட்டையால்’ என்பதை எடுத்துவிட்டு ‘புவி வெப்பமடைவதால்’ என்று போடவேண்டும். “மரம் நட்டால் ஓசோன் படலத்தைக் காக்கலாம்” என்பதும் அடிக்கடி வரும். மரம் கரியமில வாயுவை உறிஞ்சும், ஓசோனுக்கு அது உதவாது. பழைய குளிர்சாதனப் பெட்டியை வீசும்போது உள்ளே உள்ள வாயுவை முறையாக வெளியே எடுக்கச் செய்வது உதவும்.

வாய்மொழித் தேர்வில் “ஏர்கான் ஓசோனைப் பாதிக்குமா?” என்று கேட்டால், ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவேண்டாம். “உள்ளே எந்த வாயு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆர்-22 இருக்கும் பழைய இயந்திரம் கசிந்தால் கொஞ்சம் பாதிக்கும். ஆர்-32 கசிந்தால் ஓசோன் கெடாது, ஆனால் பூமி சூடாகும். எதுவும் கசியாவிட்டாலும் மின்சாரம் செலவாவதால் கரியமில வாயு வெளியாகும்” என்று நான்கு வரியில் சொல்லலாம். கேட்பதற்கு முன்பே மாணவர்கள் தங்கள் வீட்டு வெளிப்பெட்டியின் தகட்டைப் பார்த்து வைத்திருந்தால், அந்த வாயுவின் பெயரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தகடு எட்டாத உயரத்தில் இருந்தால் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கவேண்டாம். வாங்கியபோது வந்த கையேட்டிலும் அது இருக்கும்.